தரம் 100 வைத்தும் மங்கும் சிவப்பு எழுத்து

"தளத்துல இருக்கிற ஸ்கிரீன்ஷாட் எல்லாத்தையும் வெப்பிக்கு மாத்திடலாமா?" என்று நண்பர் கேட்டார். லினக்ஸ் பாடங்கள் போடும் என் தளத்தில் ரொம்ப நாளாக கூகுளின் வெப்பி பட வடிவம்தான். மாற்றலாம். ஆனால் ஒரு எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

டெர்மினல் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து, நடுவில் சிவப்பில் ஒரு பிழைச் செய்தி. `cwebp` கருவியை அப்படியே ஓட்டினால் தரம் 75-இல் லாஸி படம், அதாவது கொஞ்சம் விவரம் இழந்து சுருங்கிய படம் வரும். வெள்ளை எழுத்து பரவாயில்லை. சிவப்பு மட்டும் ஈரத் தாளில் மை ஊறியது மாதிரி இருக்கும். `-q 100` கொடுத்தாலும் போகாது. லாஸி வெப்பி வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் வைத்துக்கொள்ளும். நிறத்தையோ நான்கு பிக்சலுக்கு ஒன்றாகத்தான் வைக்கும். ஒரு பிக்சல் அகல சிவப்புக் கோடு அதில் என்னவாகும்? `-sharp_yuv` சேர்த்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். படத்தைச் சுருக்கிப் பார்த்தால் இது கண்ணில் படாது. 100 சதவீதத்தில் வைத்து, நிற எழுத்துகளை மட்டும் பாருங்கள்.

வழி இதுதான்:

```
cwebp -lossless -z 9 error.png -o error.webp
```

இதில்தான் எனக்கு ஆச்சரியம். ஒரு பிக்சல்கூட மாறவில்லை. கோப்போ பிஎன்ஜியைவிடச் சிறியது. ஒரே நிறம் பரந்து கிடக்கும் டெர்மினல், செட்டிங்ஸ் படங்களில் பல நேரம் `-q 90` லாஸியைவிடவும் சிறியது! ஆனால் மூலப்படம் பிஎன்ஜியாக இருக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த ஜேபெக்கைக் கொடுத்தால், அதிலிருக்கும் புள்ளி அழுக்கையெல்லாம் பத்திரமாகச் சேர்த்துவைத்து கோப்பு ஊதிவிடும். இன்னொன்று, அகலமோ உயரமோ 16383 பிக்சலைத் தாண்டினால் வெப்பி ஆகாது. முழுப் பக்கத்தையும் நீளமாக எடுக்கும் பழக்கம் இருந்தால் வெட்டித்தான் போடவேண்டும்.

பிரவுசர் பற்றி இப்போது பெரிய கவலை இல்லை. வெப்பி குரோமில் எப்போதோ வந்துவிட்டது, ஃபயர்பாக்ஸ் 2019-இல் 65-ஆம் பதிப்பிலிருந்து, ஐபோன் 2020-இல் ஐஓஎஸ் 14-இலிருந்து. ஐஓஎஸ் 12-இலேயே நின்றுபோன ஐபோன் 6-இல் படம் வராது. அப்படிப்பட்ட வாசகர் இருந்தால் `<picture>`-க்குள் வெப்பியை முதலிலும் பிஎன்ஜியை `<img>`-இலும் வையுங்கள்; எது இறங்கியது என்பதை பிரவுசரின் நெட்வொர்க் பகுதி காட்டிவிடும்.

இவ்வளவு புகழ்ந்தபிறகு நண்பரிடம் சொன்னது: "பிஎன்ஜியாவே விடுங்க." அவர் தளத்தில் படம் ஏற்றியதும் தானாக மாற்றும் பிளக்இன் ஒன்று இருக்கிறது. தரத்துக்கு ஒரு எண் கேட்கிறது. லாஸ்லெஸ் என்ற தேர்வே அதில் இல்லை. அவர் போடுவதெல்லாம் கோடிங் பாடம், படம் முழுக்க வண்ண வண்ண எழுத்து.