'அனுப்பவும்', 'அனுப்பு', 'அனுப்புங்க': முறுக்கு போஸ்டர்ல எது ஆள இழுக்குது?

எங்க ஊரு மலேசியாவுல பத்தாங் பெர்ஜுந்தை. பேர பெஸ்தாரி ஜெயான்னு மாத்தி எத்தனையோ வருஷம் ஆச்சு, எங்க வீட்டுப் பெருசுங்க வாயில அது இன்னும் வரல. அக்கா தீபாவளிக்கு முறுக்கும் நெய் உருண்டையும் போட்டு டின் கணக்குல விக்கறவங்க. 2025 தீபாவளிக்கு மளிகைக் கடை சுவத்துல ஒட்ட ஒரு போஸ்டர், வாட்ஸ்அப்ல சுத்தவிட பட்டன் வச்ச ஒரு சின்ன பேஜ், ரெண்டும் செய்யச் சொன்னாங்க. போஸ்டருக்கு அவங்க எழுதிக் குடுத்தது 'முன்பதிவு செய்யவும்', பட்டனுக்கு நான் வச்சது 'ஆர்டர் செய்'. ரெண்டுமே சொதப்பல், ஆனா ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி சொதப்பல்.

மொதல்ல வினைச்சொல்லோட வால பாப்போம், ஏன்னா தமிழ்ல அங்கதான் மரியாதை ஒட்டிக்கிட்டு இருக்கு. '-வும்' நோட்டீஸ் போர்டு குரல். 'செருப்பைக் கழற்றவும்', 'வரிசையில் நிற்கவும்' எல்லாம் பாத்துப் பாத்துப் பழகுன கண்ணு, 'முன்பதிவு செய்யவும்'னு பாத்தா இது யாருக்கோ போட்ட விதின்னு தாண்டிப் போயிடும். 'அனுப்பு', 'செய்'ன்னு வால் இல்லாம விட்டா சின்னதா அழகா பட்டன்ல அடங்கும், யூடியூப்ல கூட 'குழுசேர்'ன்னுதான் போட்டிருக்கு. போன் சொன்னா அது மெஷின், யாரும் கோவிச்சிக்க மாட்டாங்க. ஆனா அக்காவோட போட்டோ போட்ட பேஜ்ல அதே 'செய்' இருந்தா, பக்கத்து லயத்துல இருக்கற பெரியம்மாவ அக்கா வாடி போடின்னு கூப்ட்ட மாதிரி ஆயிடுது. 'செய்க', 'வாங்குக' மரியாதையா இருக்கும், ஆனா அது தமிழ் வாத்தியார் கரும்பலகையில எழுதற வியங்கோள், அப்படிப் பேசி முறுக்கு வித்த ஆள நான் இன்னும் பாக்கல.

கடைசியில நின்னது '-ங்க'. கடை வாசல்ல நின்னு கூப்பிடற குரல் அது. 'அனுப்பு'வுக்கும் 'அனுப்புங்க'வுக்கும் ரெண்டு எழுத்துதான வித்தியாசம், அதுக்கு எடமில்லன்னா பட்டன பெருசாக்கணும், மரியாதைய வெட்டக்கூடாது. கோயில் கமிட்டி மாதிரி ஆளுங்க போடற போஸ்டர்னா 'செய்யுங்கள்'னு முழுசா எழுதறதுதான் பொருத்தம்.

இன்னொரு வழியும் இருக்கு. பட்டன்ல அழுத்தறவங்க வாயால பேசற மாதிரி 'எனக்கு ஒரு டின் வேணும்'னு வைக்கறது. வாட்ஸ்அப் பட்டனுக்கு இது நல்லா ஒட்டும், அழுத்துன உடனே திறக்கற மெசேஜும் அவங்க பேசற மாதிரியேதான இருக்கப் போவுது. போஸ்டர்ல அதையே போட்டா யாருக்கு வேணுமாம்னு கேப்பாங்க லா.

அடுத்து எந்த வினை. மூணு போட்டி. 'ஆர்டர் பண்ணுங்க'ன்னா காசு இப்பவே கட்டணுமோன்னு ஒரு சந்தேகம் வரும், பழக்கம் இல்லாதவங்க வெரல் அங்கயே நின்னுடும். 'விலை கேளுங்க'ன்னு வச்சா பயமே இல்ல, மெசேஜ் கொட்டும், ஆனா எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால நிக்கற அக்கா ஒவ்வொருத்தருக்கும் 'ஒரு டின் 22 வெள்ளி'ன்னு பதில் அடிச்சிக்கிட்டே இருக்கணும், அதுல பாதி பேரு 'ஓகே'ன்னு மட்டும் போட்டுட்டு காணாம போயிடுவாங்க. வர்ற மெசேஜ எண்ணுனா இதுதான் ஜெயிக்கும், போற டின்ன எண்ணுனா இதுதான் தோக்கும். மூணாவது 'பேர் குடுத்து வைங்க'. ஊர்ல ஏற்கனவே பொழங்கற பேச்சு, குடுக்க வேண்டியது பேரு மட்டும், அதே சமயம் வாங்கறதா வாக்கு குடுத்த மாதிரியும் ஆவுது. விலைய போஸ்டர்லயே பெருசா போட்டுட்டு இந்த வினைய வச்சோம். என் ஓட்டு இதுக்குத்தான்.

ஒண்ணு மட்டும் மறக்கக்கூடாது, போஸ்டர யாரும் அழுத்த முடியாது. அதனால அடுத்த நிமிஷம் கை என்ன செய்யணுமோ அந்த வினை அதுல இருக்கணும். கல்லா பக்கத்துல காசு குடுக்க நிக்கறவங்களுக்கு 'இத ஸ்கேன் பண்ணி பேர் குடுங்க' சரி. ரோட்டோரமா ஒட்டுன போஸ்டர மோட்டார்ல போறவன் ஸ்கேன் பண்ணுவானா? அங்க 'இந்தக் கடையில பேர் குடுங்க' போதும்.

ஸ்கேன்னு வந்ததால லிங்க் பத்தியும் சொல்லிடறேன். மெசேஜ முன்னாடியே எழுதி வச்ச வாட்ஸ்அப் லிங்க் இப்படி இருக்கும், எக்ஸ் இருக்கற எடத்துல உங்க நம்பர்:

```
https://wa.me/60XXXXXXXXX?text=Murukku%20A
```

தமிழ்ல 'முறுக்கு'ன்னு வச்சாலும் வேலை செய்யும், ஆனா லிங்க்குள்ள போறப்ப ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 எழுத்தா விரியும், அந்த ஒரு சொல்லே 72 எழுத்து. லிங்க் நீண்டா கியூஆர் கட்டம் பொடிப்பொடியா ஆயி பழைய போன் கேமராவுல பிடிக்காது. பட்டனுக்கு அந்தக் கவலை இல்ல, அங்க தமிழ்லயே வைங்க. கடைசியில இருக்கற A எதுக்குன்னா, ஒரு போஸ்டருக்கு A, இன்னொண்ணுக்கு B, வர்ற மெசேஜ பாத்தாலே எந்த வாசகம் கொண்டு வந்துச்சுன்னு தெரிஞ்சிடும்.

இப்ப அவசரம். அக்காவுக்குப் புடிச்சது 'முந்துங்கள்! இருப்பு உள்ளவரை மட்டுமே!'. நெலமாலைக் கடையில இருந்து பாசார் மாலாம் வரைக்கும் எல்லா பேனர்லயும் இதுதான், அவசரம்னு யாருக்குமே தோணாது. 'இன்னும் 12 டின்தான்'ங்கறது உறைக்கும், ஆனா எண்ணிக்கை கொறையக் கொறைய மாத்தணும். ஸ்டேட்டஸ்ல மாத்தலாம், சுவத்துல ஒட்டுன காயிதத்துல ரெண்டு வாரமா அதே 12 நின்னா ஊரே சிரிக்கும். காரணத்தோட ஒரு தேதி, அதுதான் சுவத்துக்கு ஏத்தது. 'ஞாயித்துக்கெழம ராத்திரி வரைக்கும்தான், திங்கக்கெழம மாவு அரைக்கக் குடுக்கறோம்'னா அதுக்கப்புறம் ஏன் முடியாதுன்னு படிக்கறவங்களுக்கே புரிஞ்சிடும்.

அதுலயும் ஒரு தப்பு பண்ணோம். தீபாவளி அக்டோபர் 20, நாங்க வச்ச கடைசி தேதி அக்டோபர் 5, ஞாயிறு. பேரு வரவே இல்ல, வாசகம்தான் சரியில்லன்னு நான் ரெண்டு நாளு எழுத்த மாத்திக்கிட்டு கெடந்தேன். அப்புறம் தோட்டத்துல வேலை செய்யற அண்ணன் ஒருத்தர் சொன்னாரு, "தம்பி, சம்பளம் போடாம எவன் பேர் குடுப்பான்?" 1955 வேலைச் சட்டப்படி மாசச் சம்பளம் அடுத்த மாசம் 7க்குள்ள குடுத்தாகணும், எங்க பக்கம் பல பேருக்கு அந்த 7தான் சம்பள நாளு. காசு இல்லாத நாள்ல அவசரப்படுத்துனா ஆளு ஓடி வரமாட்டாரு, அத மறந்துடுவாரு. தேதிய 9ன்னு மாத்துனோம், மாவு அரைக்கறத 10க்குத் தள்ளுனோம். ஆனா இப்படித் தள்ளறது ஒரே ஒரு தடவதான், ரெண்டாவது தடவ தள்ளுனா அடுத்த வருஷம் எல்லாரும் மூணாவது தேதிக்குக் காத்திருப்பாங்க.

தேதி மாத்துன பெறகு A, B ரெண்டையும் எண்ணுனோம். 'பேர் குடுத்து வைங்க' போட்ட Aவுக்கு 10, 'ஆர்டர் பண்ணுங்க' போட்ட Bக்கு 6. அக்கா ஜெயிச்சாச்சுன்னு குதிச்சாங்க. நான் ஒத்துக்கல. ரெண்டு வாசகமும் சமம்னே வச்சிக்கங்க, ஒரு காச 16 தடவ சுண்டிப் பாத்தாலும் 10க்கு 6, இல்ல அதவிட சாஞ்ச கணக்கு, நூத்துல 45 தடவ சும்மாவே விழும். போதாததுக்கு A ஒட்டுன கடையில கூட்டமும் ஜாஸ்தி. அடுத்த தீபாவளிக்கு ரெண்டு கடையிலயும் வாரம் மாத்தி வாரம் மாத்தி ஒட்டிப் பாக்கணும்னு சொல்லியிருக்கேன், அக்கா 'மொதல்ல டின்னுக்கு மூடி வாங்கிட்டு வா'ன்னுட்டாங்க.