அறையை வரைய ஒரு புள்ளியா, இரண்டு புள்ளியா?

ஓர் அறையைப் பெர்ஸ்பெக்டிவில் வரைய உட்கார்ந்ததும் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான். எதிர்ச்சுவரை நேருக்கு நேர் பார்த்து வரைவதா, இரண்டு சுவர் கூடும் மூலையைப் பார்த்து வரைவதா? முதலாவதில் ஆழம் நோக்கிப் போகும் கோடுகள் எல்லாம் தொடுவானக் கோட்டில் ஒரே மறையும் புள்ளியில் கூடும். இரண்டாவதில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு புள்ளிகள். தொடுவானக் கோடு இரண்டிலும் பார்ப்பவரின் கண் உயரம்தான். நிற்கும் கோடுகள் இரண்டிலும் செங்குத்தாகவே நிற்கும்.

மூலைப் பார்வைப் படம் உயிரோட்டமாகத் தெரியும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் முதல் பத்துப் படங்களுக்கு என் ஓட்டு ஒரு புள்ளிக்கே. அது சுலபம் என்பதால் அல்ல, ஆழத்தை அதில் ஒரே காகிதத்துக்குள் அளக்கலாம் என்பதால். அகலமும் உயரமும் ஸ்கேல் வைத்தால் வந்துவிடும். “பின்சுவர் எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும், டைல்ஸ் வரிசைகள் எந்த இடைவெளியில் சுருங்க வேண்டும்” என்பதில்தான் பெரும்பாலான படங்கள் கெடுகின்றன.

பத்துக்குப் பத்து அறை, உயரம் 9 அடி என்று வைத்துக்கொள்வோம். ஏ4 தாளைப் படுக்கையாக வைத்து, 1 அடிக்கு 2 செ.மீ. கணக்கில் 20 செ.மீ. அகலம், 18 செ.மீ. உயரத்தில் ஒரு சட்டம் போடுங்கள். சட்டத்தின் இடது விளிம்பு தாளின் ஓரத்திலிருந்து 1 செ.மீ. மட்டும் தள்ளி இருக்கட்டும். வலப்பக்கக் காலியிடம் பிறகு தேவைப்படும். கண் உயரம் 5 அடி, ஆகவே சட்டத்தின் அடிக்கோட்டிலிருந்து 10 செ.மீ. மேலே, தாளின் வலது ஓரம் வரை தொடுவானக் கோடு. அதில் இடது விளிம்பிலிருந்து 8 செ.மீ.யில் மறையும் புள்ளி. நட்டநடுவில் வைத்தால் இரண்டு பக்கச் சுவரும் ஒரே அச்சாகிப் படம் சப்பென்று ஆகிவிடும்.

இனிதான் முக்கியமான புள்ளி. பார்ப்பவர் சட்டத்திலிருந்து 10 அடி தள்ளி நிற்கிறார் என்றால், மறையும் புள்ளியிலிருந்து வலப்பக்கம் தொடுவானக் கோட்டிலேயே 20 செ.மீ. அளந்து ஒரு புள்ளி வையுங்கள். இதுதான் தொலைவுப் புள்ளி. சட்டத்துக்கு வெளியே 8 செ.மீ. தள்ளி விழுந்தாலும் தாளுக்குள்ளேயே இருக்கிறது.

அடிக்கோட்டை 2 செ.மீ.க்கு ஒன்றாகப் பிரித்து, ஒவ்வொரு குறியிலிருந்தும் மறையும் புள்ளிக்கு 2எச் பென்சிலால் மெல்லிய கோடு இழுங்கள். பிறகு இடது கீழ்மூலையிலிருந்து தொலைவுப் புள்ளிக்கு ஒரே ஒரு சாய்கோடு. அந்தச் சாய்கோடு முதல் கோட்டை வெட்டும் இடம் 1 அடி ஆழம், அடுத்ததை வெட்டும் இடம் 2 அடி. வலது மூலையிலிருந்து வரும் கோட்டை வெட்டும் இடம் 10 அடி, அதாவது பின்சுவரின் கால். ஒவ்வொரு வெட்டுப் புள்ளியிலும் படுக்கைக் கோடு போட்டால் தரை டைல்ஸ் தயார். தரையில் 45 பாகையில் வலப்பக்கமாக உள்ளே போகும் எந்தக் கோடும் அந்தத் தொலைவுப் புள்ளிக்கே போகும். சதுர டைலின் மூலைவிட்டம் அப்படிப்பட்ட கோடுதான்.

சரியாக வந்ததா என்று பார்க்க ஸ்கேலை எடுங்கள். முதல் வரிசை சுமார் 9 மி.மீ., கடைசி வரிசை இரண்டரை மி.மீ. சொச்சம். பின்சுவர் 10 செ.மீ. அகலமும் 9 செ.மீ. உயரமும், சட்டத்தில் சரிபாதி. பார்ப்பவரும் 10 அடி, ஆழமும் 10 அடி என்பதால் வரும் பாதி இது.

கண்மதிப்பில் வரிசைகளைச் சுருக்குபவர்கள் ஒவ்வொன்றையும் முந்தையதில் மூன்றில் இரண்டு பங்கு என்று குறைத்துக்கொண்டே போவார்கள். இது புதுத் தவறல்ல. 1435-இல் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட்டி இதே பழக்கத்தைத் தவறு என்று எழுதி, அடுத்தடுத்த கட்டங்களின் மூலைவிட்டங்கள் ஒரே நேர்கோட்டில் வருகின்றனவா என்று பார்க்கச் சொன்னார். இன்றும் அதைவிடக் கறாரான சோதனை இல்லை.

இடது சுவரில் ஒரு கதவு: 7 அடி உயரம், 4-ஆம் அடியிலிருந்து 7-ஆம் அடி வரை. சட்டத்தின் இடது விளிம்பில் 14 செ.மீ. உயரத்தில் குறித்து மறையும் புள்ளிக்கு இழுங்கள். தரையில் 4, 7 என்ற வரிசைக் கோடுகள் சுவரைத் தொடும் இடத்திலிருந்து செங்குத்தாக ஏற்றுங்கள். முன்பக்கம் 10 செ.மீ. உயரமும், பின்பக்கம் 8.2 செ.மீ. உயரமும் கொண்ட கதவு கிடைக்கும். அதன் அகலம் வெறும் 1 செ.மீ. மூன்றடிக் கதவு இவ்வளவு ஒல்லியா என்று கை தானாக அதை அகலப்படுத்தும். அகலப்படுத்தினால் அடுத்து வரும் ஜன்னலுக்குச் சுவரில் இடம் இருக்காது. கதவின் நடுக்கோடு வேண்டுமென்றால் அந்த 1 செ.மீ.யை அரையாகப் பிரிக்காமல், எதிரெதிர் மூலைகளைச் சேர்த்து அவை வெட்டும் இடத்தை எடுங்கள்.

இப்போது மூலைப் பார்வைக்கு வருவோம். அதே 10 அடித் தொலைவு, அதே அளவுக் கணக்கு, சுவர்கள் 45 பாகையில் இருந்தால் இரண்டு மறையும் புள்ளிகளும் நடுவிலிருந்து இருபுறமும் 20 செ.மீ. தள்ளி விழும். இடையில் மொத்தம் 40 செ.மீ., ஏ4 தாளோ 29.7. தாளை மேசையில் ஒட்டி, புள்ளிகளை மேசையில் ஒட்டிய டேப்பின் மேல் குறித்து, 60 செ.மீ. ஸ்கேலால் இழுக்கலாம். தாள் 2 மி.மீ. நகர்ந்தால் புதுக் கோடுகள் பழையவற்றோடு சேராது. புள்ளிகளை 28 செ.மீ.க்குள் அடக்கிவிட்டால் பார்ப்பவர் 7 அடிக்கு வந்துவிடுகிறார். ஓரத்தில் உள்ள கட்டிலும் பீரோவும் இழுத்துவிட்டதுபோல் நீளும். ஆழத்தை அளக்கவோ இங்கே இன்னும் இரண்டு அளவுப் புள்ளிகள் வேண்டும். ஆக ஒரே கோட்டில் நான்கு புள்ளிகள், எது எதற்கு என்பதே குழப்பம்.

இன்னொரு பொறி உண்டு. அறையின் உள்மூலையில் இடது சுவரின் கோடுகள் வலப்பக்கப் புள்ளிக்குப் போக வேண்டும், வலது சுவரின் கோடுகள் இடப்பக்கத்துக்கு. கட்டடத்தை வெளியிலிருந்து வரைந்து பழகிய கை மாற்றிப் போட்டுவிடும். மூலை உள்வாங்காமல் நம்மை நோக்கித் துருத்திக்கொண்டு நிற்கும்போதுதான் தவறு தெரியும்.

ஒரு புள்ளியிலும் நீட்சி வராமல் இல்லை. மேலே சொன்ன அளவில் மறையும் புள்ளியை மையமாக வைத்து 11.5 செ.மீ. ஆரத்தில் வட்டம் போட்டால் அது 60 பாகைப் பார்வை. வலது முன்மூலை அதற்கு வெளியே கிடக்கிறது. அங்கே டைல்ஸ் மட்டும் இருக்கட்டும், நாற்காலி வேண்டாம். கோணலாகப் போட்ட நாற்காலி என்றால், அறை ஒரு புள்ளியில் இருந்தாலும் அந்த நாற்காலிக்கு மட்டும் அதே தொடுவானக் கோட்டில் தனியாக இரண்டு புள்ளிகள் தேவை.

இவ்வளவும் காகிதத்துக்கான கணக்கு. டேப்லெட்டில் புள்ளியைத் திரைக்கு வெளியே தள்ளி வைக்க வசதி இருந்தால், தாள் அளவைப் பற்றிய என் குறை பாதி செல்லாது. கட்டில், மேசை எல்லாம் சுவரோடு ஒட்டி நேராகக் கிடக்கும் அறைக்கு அப்போதும் ஒரு புள்ளியையே எடுப்பேன். ‘எல்’ வடிவ அறை, இரண்டு சுவரிலும் அலமாரி கட்டிய சமையலறை என்றால் மூலைப் பார்வைதான்.