நூற்றுக்கு 10 என்று சொல்லி ஆட்டோ விற்றார்கள், 3,88,125 ரூபா போய்விட்டது

நேற்றுப் பின்னேரம் லீசிங்காரர்கள் வந்து தம்பியின் ஆட்டோவைக் கொண்டுபோய்விட்டார்கள். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் இந்த மாதம் ஆட்டோ எடுக்க யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

ஏப்ரலில் பழைய வாகனம் விற்கும் ஒரு இடத்துக்குப் போனோம். பெயர் சொல்லப் போவதில்லை. அங்கிருந்தவர் நம் ஆள், நல்ல தமிழ். எந்தத் தோட்டம் என்று விசாரித்தார், பிளேன்டீ வரவழைத்தார். நான் ஆசிரியர் என்றதும், "சேர், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்ல மாட்டேன், கணக்குப் பார்த்து எடுங்க" என்று ஒரு தாளை எடுத்தார். விற்க நிற்கிறவரே கணக்குப் பார்க்கச் சொல்கிறாரே என்று நான் நம்பியது அந்த இடத்தில்தான்.

தாளில் 20, 4, 10 என்று எழுதினார். விலையில் நூற்றுக்கு 20 முற்பணம், 4 வருசத்தில் கடன் முடிய வேண்டும், மாத வருமானத்தில் நூற்றுக்கு 10க்கு மேல் வாகனத்துக்குப் போகக்கூடாது. ஆட்டோ 9 லட்சம். நான் 3 லட்சம் போட்டேன், மிச்சம் 6 லட்சம் லீசிங், மாதம் 17,625. என் சம்பளம் 72,000. தம்பி ஓட்டினால் ஒரு நாளைக்கு 3,500, மாதம் 1,05,000. இரண்டையும் கூட்டி 1,77,000 என்றார். அதில் நூற்றுக்கு 10 என்றால் 17,700. "பாருங்க சேர், தவணை அதுக்கும் குறைவு" என்று வட்டம் போட்டுக் காட்டினார்.

அந்த விதி அமெரிக்காவில் சம்பளக்காரர் சொந்தப் பாவனைக்குக் கார் வாங்கும்போது சொல்லப்படுவது. கண்டிப்பாகப் பார்த்தால் அந்த 10க்குள் தவணை மட்டுமல்ல, இன்சூரன்ஸ், பெற்றோல் எல்லாமே அடங்க வேண்டும். அவர் தவணையை மட்டும் வைத்தார். என் 72,000 பிடிப்புகளுக்கு முந்திய தொகை, கைக்கு வருவது 51,000. எல்லாவற்றையும் விட மோசம், ஹயர் காசு முழுவதையும் வருமானமாக எழுதியது. அது கடைக்காரரின் விற்பனைக் காசு மாதிரி, செலவு போன பிறகு மிஞ்சுவதுதான் வருமானம்.

3,500 என்பதும் சிவனொளிபாதமலை சீசன் கணக்கு. சீசன் டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக்கோடு முடிந்துவிடும். நாங்கள் எடுத்தது ஏப்ரலில். அப்புறம் மழை. தோட்டத்துச் சம்பளம் 10ஆம் திகதி வாக்கில் கிடைத்தால் நாலைந்து நாள் ஓட்டம் இருக்கும், மாதக் கடைசியில் ஸ்டாண்டில் நிற்பதுதான் வேலை. ஆனால் தவணைக்குச் சீசன் கிடையாது.

உண்மையில் வந்தது சராசரி நாளைக்கு 2,300, மாதத்தில் 24 நாள், 55,200. பெற்றோல் நாளைக்கு 1,200 போனது, ஏற்றத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு முதல் கியரில் போகும் வண்டி அப்படித்தான் குடிக்கும், திரும்பி வெறுமையாகவும் வர வேண்டும். அதுவே 28,800. மிச்சம் 26,400. பிரேக், டயர், ஒயில், சில்லறை வேலைக்கு 6,000, இன்சூரன்ஸும் வருடாந்த அனுமதிப்பத்திரமும் மாதக் கணக்கில் 2,000. தவணையும் கட்டினால் மிஞ்சுவது 775 ரூபா. ஒரு மாதம் முழுக்க ஓட்டிய தம்பிக்கு 775 ரூபா!

ஐந்து தவணை கட்டினோம். ஆறாவது மாதம் இன்ஜின் புகை கக்கியது. "இன்ஜின் செய்த வண்டி, மூன்று மாதம் நான் பொறுப்பு" என்று அவர் சொன்னது வாயால்தான், தாளில் இல்லை. கராஜ் பாஸ் திறந்து பார்த்துவிட்டு இன்ஜினில் யாரும் கை வைக்கவே இல்லை என்றார். போன் எடுத்தால் "மீட்டிங்ல இருக்கேன் சேர்". நேரில் போனால் "மூன்று மாதம் தாண்டிட்டுதே". லீசிங் கந்தோரில் "வண்டி எப்படி என்பது எங்கள் விசயமில்லை". திரும்ப விற்ற இடத்துக்குப் போனால் "லீசிங்கில பேசுங்க". இப்படியே இரண்டு தவணை நின்றது, வண்டியும் போனது. 3 லட்சம் முற்பணம், 88,125 தவணை, ஆக 3,88,125. அதில் பாதிக்கு மேல் அம்மாவின் சேமலாப நிதிக் காசு.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. ஹயர் வண்டிக்கு இந்த 10 கணக்கைத் தொடவே தொடாதீர்கள். ஓகஸ்ட் மாதத்தில் ஸ்டாண்டில் நிற்கும் பையன்களிடம் அன்றைய கலெக்ஷனைக் கேளுங்கள். சொந்த பாஸைக் கூட்டிப்போய் இன்ஜினைக் காட்டுங்கள். பொறுப்பு என்று சொன்னால் கையெழுத்தோடு வாங்குங்கள்.

வண்டியை ஏலத்தில் விற்றுக் காசு குறைந்தால் மிச்சத்துக்கும் கடிதம் வரும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.