அந்த மூடி எந்த மூடி? கிளெய்ம் சரிபார்க்க மார்க்கரா, கிரெப்பா, கட்டண மென்பொருளா?

"ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு ஒரு மகள்." பாட்டி கதை சொல்லும்போது இந்த வரிசை தவறுவதே இல்லை. ராஜா முதலில் 'ஒரு'வோடு வருவார், அப்புறம்தான் 'அந்த'. கண்டுபிடிப்பில் எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் காப்புரிமை கிளெய்ம் கேட்பதும் இதையேதான். ஆங்கிலத்தில் 'எ' அல்லது 'ஆன்' போட்டுப் பாகத்தை அறிமுகம் செய்ய வேண்டும், அதன் பிறகே 'தி' அல்லது 'செட்' போட்டுச் சுட்ட வேண்டும். இப்படி முன்னால் அறிமுகம் இருப்பதைத்தான் ஆன்டிசிடென்ட் பேசிஸ் என்கிறார்கள். அது இல்லாவிட்டால், விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அமெரிக்க எக்ஸாமினர் சட்டப்பிரிவு 112(b)-ன் கீழ் 'கிளெய்ம் தெளிவாக இல்லை' என்று திருப்பி அனுப்புவார்.

இதைச் சரிபார்க்க நான்கு வழிகளைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். பொதுவாகப் பேசுவதைவிட ஒரே கிளெய்மை நான்கிலும் ஓட்டிப் பார்ப்போம். வேண்டுமென்றே தப்பு வைத்து நான் எழுதியது இது:

> 1. சாய்க்கக்கூடிய ஒரு கிரைண்டர். அதில் உள்ளவை: ஒரு பீடம். அந்தப் பீடத்தின் மேல் ஒரு டிரம். அந்த டிரம்மைச் சுழற்றும் ஒரு மோட்டார். அந்த டிரம்மை மூடும் ஒரு மூடி. அந்த மேல்தட்டு திறந்திருக்கையில் அந்த மோட்டாரை நிறுத்தும் ஒரு சுவிட்ச்.
> 2. கிளெய்ம் 1-இல் சொன்ன கிரைண்டர். மேலும் அந்த டிரம்மைப் பூட்டும் ஒரு தாழ்ப்பாள் கொண்டது.
> 3. கிளெய்ம் 1-இல் சொன்ன கிரைண்டர். அந்தத் தாழ்ப்பாளில் ஒரு ஸ்பிரிங் உள்ளது.
> 4. கிளெய்ம் 2-இல் சொன்ன கிரைண்டர். ஒரு சுவிட்ச் அந்தத் தாழ்ப்பாளின் மேல் பொருத்தப்பட்டுள்ளது.
> 5. கிளெய்ம் 4-இல் சொன்ன கிரைண்டர். அந்தச் சுவிட்ச் நீர் புகாதது.

மொத்தம் நான்கு தப்புகள். முதல் கிளெய்மில் மூடி திடீரென்று மேல்தட்டு ஆகிவிட்டது. மூன்றாவது கிளெய்ம் தாழ்ப்பாளைச் சுட்டுகிறது, ஆனால் தாழ்ப்பாள் பிறந்தது இரண்டாவதில். மூன்றாவதோ முதலாவதை மட்டுமே சார்ந்திருக்கிறது. நான்காவதில் சுவிட்ச் மறுபடியும் 'ஒரு'வோடு வருகிறது: பழைய சுவிட்சா, இரண்டாவதாக இன்னொன்றா? அந்தக் குழப்பத்தால் ஐந்தாவதில் 'அந்தச் சுவிட்ச்' எதைச் சுட்டுகிறது என்றே தெரியவில்லை.

முதலில் காகிதமும் இரண்டு மார்க்கரும். 'ஒரு' வரும் இடமெல்லாம் பச்சை, 'அந்த' வரும் இடமெல்லாம் மஞ்சள். ஒவ்வொரு மஞ்சளிலிருந்தும் மேலே போய் ஒரு பச்சையைத் தொட வேண்டும். புதிதாக வருபவர்கள் 1, 2, 3 என்று பக்க வரிசையில் படிப்பார்கள். அப்படிப் படித்தால் மூன்றாவது கிளெய்மின் தப்பு கண்ணில் படவே படாது, ஏனென்றால் தாழ்ப்பாளைச் சற்று முன்னால்தானே படித்தோம். சார்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டும். இங்கே இரண்டு சங்கிலிகள்: 5, 4, 2, 1 என்று ஒன்று, 3, 1 என்று மற்றொன்று. இரண்டாவது சங்கிலியில் தாழ்ப்பாளுக்குப் பச்சையே கிடையாது. அங்கே மாட்டிக்கொள்ளும்.

சுவிட்ச் குழப்பத்தைப் பிடிப்பதில் காகிதத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. ஒரே பெயருக்கு இரண்டு பச்சை விழுந்தால் கை தானாக நின்றுவிடும். ஆனால் மூடி–மேல்தட்டு விஷயத்தில் காகிதம் சறுக்கும், அதுவும் எழுதியவரே சரிபார்த்தால் கட்டாயம் சறுக்கும். கருவி அவர் மனதில் இருக்கிறது. எந்தப் பெயரைப் போட்டாலும் அவர் கண்ணுக்கு அது மூடிதான். கருவியைப் பார்க்காத சக ஊழியர் ஒருவரிடம் மார்க்கரைக் கொடுத்தால் பலன் உண்டு.

அடுத்தது கிரெப், கோப்பில் சொற்களைத் தேடித்தரும் கணினிக் கட்டளை. ஆங்கில கிளெய்மை ஒவ்வொரு பாகமும் தனி வரியாக வருமாறு `claims.txt` என்று சேமித்து, ஒற்றை வரிக் கட்டளை:

```
grep -noiE '\b(an?|the|said) [a-z]+' claims.txt
```

வெளியீட்டில் நமக்கு வேண்டிய வரிகள் மட்டும்:

```
5:a lid
6:a switch
6:the cover
7:a latch
8:the latch
9:a switch
10:the switch
```

`cover` என்பதற்கு மேலே எங்கும் `a cover` இல்லை. மனிதக் கண் விட்டதை இது ஒரு நொடியில் காட்டிவிடுகிறது. ஆனால் எட்டாம் வரியின் `the latch` சரியாக இருப்பதுபோலவே தெரிகிறது, ஏனென்றால் கிரெப்புக்கு வரிசை தெரியும், சார்பு தெரியாது. ஒன்பதாம் வரியின் `a switch` பற்றியும் அது வாயைத் திறக்காது. அப்புறம், இந்தக் கட்டளை ஒரு சொல்லைத்தான் எடுக்கிறது. சாய்க்கக்கூடிய கிரைண்டருக்கு `A tilting` என்று காட்டிவிட்டு, கிரைண்டரே அறிமுகமாகாததுபோல் நிற்கும். 'இரண்டு கால்கள்' என்று எண்ணோடு அறிமுகமாகும் பாகங்களும் வலையில் விழாது. செலவு ஒன்றுமில்லை, வரைவு நம் கணினியை விட்டு வெளியே போவதில்லை. அவ்வளவுதான் இதன் பெருமை.

மூன்றாவது, வேர்டுக்குள் ஓடும் கிளெய்ம்மாஸ்டர் போன்ற கட்டண மென்பொருள்கள். இந்த வகைக் கருவிகள் சார்பு மரத்தைக் கட்டிக்கொண்டு தேடும். ஆகவே மூன்றாவது கிளெய்ம் உடனே அடிக்கோடு வாங்கும், மேல்தட்டும் வாங்கும். மேல்தட்டில் காகிதமும் மூன்றாவது கிளெய்மில் கிரெப்பும் தடுமாறின, இரண்டு இடத்திலும் மென்பொருள் சிரமமில்லாமல் ஜெயிக்கிறது. கேள்வி அதற்கு அடுத்த நிமிடத்தில்தான் இருக்கிறது.

மேல்தட்டின் கீழே சிவப்புக் கோடு. அதைப் போக்க மிகச் சுலபமான வழி, 'அந்த மேல்தட்டு' என்பதை 'ஒரு மேல்தட்டு' என்று மாற்றிவிடுவது. கோடு மறைந்துவிடும், எக்ஸாமினரும் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் இப்போது கிளெய்ம் கேட்பது மூடியும் மேல்தட்டும் இரண்டும் உள்ள கிரைண்டரை. மூடி மட்டும் வைத்துக் கருவி செய்யும் போட்டியாளர் கிளெய்முக்கு வெளியே நின்றுவிடுவார். இலக்கணத் தப்பு என்று நினைத்து உரிமையின் எல்லையையே சுருக்கியாயிற்று. சரியான திருத்தம் பெயரை மாற்றுவது: 'அந்த மூடி'. கோடு இரண்டு திருத்தத்துக்கும் ஒரே மாதிரிதான் மறையும். நானே ஒருமுறை அவசரத்தில் இப்படி 'ஒரு' போட்டுக் கோட்டை அழித்திருக்கிறேன். மேலதிகாரி பார்த்ததால் தப்பித்தேன்.

பொய் எச்சரிக்கைகள் இன்னொரு தொல்லை. 'அந்த டிரம்மின் உட்சுவர்' என்று எழுதினால், உட்சுவர் அறிமுகமாகவில்லை என்று மென்பொருள் கத்தலாம். ஆனால் டிரம் என்றால் உட்சுவர் இருக்கத்தான் செய்யும். அமெரிக்க எக்ஸாமினர்களின் கையேடான எம்பெப்பே, 2173.05(e) பகுதியில், கோளம் என்று சொல்லிவிட்டால் அதன் வெளிப்பரப்பைத் தனியாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை என்கிறது. இப்படிப்பட்ட கோடுகளைப் பத்து முறை 'தள்ளு' என்று சொடுக்கிய விரல், பதினோராவதாக வரும் நிஜத் தப்பையும் தள்ளிவிடும்.

எது நிஜத் தப்பு என்பதை நீதிமன்றம் எப்படிப் பார்க்கிறது? இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். எனர்ஜைசரின் பேட்டரி கிளெய்மில் 'துத்தநாகத்தைச் செயல்படு பொருளாகக் கொண்ட ஆனோடு ஜெல்' என்று அறிமுகம் இருந்தது. பின்னால் 'செட் ஜிங்க் ஆனோடு' என்று வந்தது. அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் தெளிவில்லை என்று கிளெய்மைச் செல்லாததாக்கியது. 2006-இல் காப்புரிமை மேல்முறையீடுகளைக் கேட்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் அதை மாற்றியது: அதே சொல் இல்லாவிட்டாலும் அந்த ஆனோடு ஜெல்லைத்தான் சொல்கிறது என்று புரிகிறதே என்றது. 2020-இல் சிஸ்கோவுக்கு எதிராக புஷ்னெல் ஹாதோர்ன் தொடுத்த வழக்கில் கதை வேறு. முதல், இரண்டாவது, மூன்றாவது என்று மூன்று வகை ஐபி முகவரிகள் வந்துபோன பிறகு 'அந்த வேறுபட்ட ஐபி முகவரி' என்று வந்தது. எதிலிருந்து வேறுபட்டது, எந்த முகவரி என்று சொல்ல வழியில்லை. கிளெய்ம் விழுந்தது.

மென்பொருள் இந்த இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே சிவப்புக் கோட்டைத்தான் போடும். சுட்டப்படக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றா, பலவா என்பதை வாசிப்பவர்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் கிரைண்டரின் மேல்தட்டு எனர்ஜைசர் பக்கம். ஐந்தாவது கிளெய்மின் சுவிட்ச் புஷ்னெல் பக்கம்.

நான்காவது வழிக்குக் கருவியே வேண்டாம். படத்தில் பாகங்களுக்கு எண் போட்டிருப்போம் இல்லையா, அந்த எண்ணைக் கிளெய்மிலும் அடைப்புக்குள் எழுதுவது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் தாக்கல் செய்யும் கிளெய்ம்களில் இது வழக்கம்தான். அமெரிக்காவுக்குப் போவதில் பெரும்பாலும் இருக்காது. மூடி (14) என்று எழுதிவிட்டு மேல்தட்டு (14) என்று எழுதும்போதே கை கூசும். நான்காவது கிளெய்மின் சுவிட்சுக்கு 22 போடுவதா, புதிதாக 26 போடுவதா என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும். 22 என்றால் 'அந்தச் சுவிட்ச்'. 26 என்றால் 'இரண்டாவது சுவிட்ச்' என்று பெயரும் மாறும், முதலாவதைத் தனியாகச் சுட்டவும் வழி பிறக்கும். மூன்றாவது கிளெய்மின் சார்புத் தப்பை மட்டும் எண்கள் காட்டாது.

ஆகவே என் மேசையில் எழுதும்போது எண்கள், முதல் வரைவு முடிந்ததும் ஒருமுறை மார்க்கர். மென்பொருளை அதன் பிறகு வரும் திருத்தங்களுக்கு வைத்திருக்கிறேன், ஏனென்றால் நான் பார்த்தவரை தப்புகள் அதிகம் நுழைவது அங்கேதான். எக்ஸாமினர் கிளெய்ம் 2-ஐ ஏற்கலாம் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாழ்ப்பாளைத் தூக்கி முதல் கிளெய்மின் கடைசியில் சேர்த்து, இரண்டாவதை நீக்குகிறோம். மூன்றாவதின் தப்பு தானாகச் சரியாகிவிடும். நான்காவது, இல்லாத இரண்டாவதைச் சார்ந்து தொங்கும். அதே வேகத்தில் சுவிட்ச் பத்தியில் 'அந்தத் தாழ்ப்பாள் திறந்தால்' என்று ஒரு சொற்றொடரைச் செருகினால், தாழ்ப்பாள் அறிமுகமாவதற்கு ஒரு வரி முன்பே சுட்டப்பட்டுவிடும். பதில் தாக்கல் செய்யும் நாளின் சாயங்காலம் யாரும் மறுபடி அச்செடுத்துப் பச்சை மஞ்சள் பூசுவதில்லை. அந்த வேளையில் சார்பு மரம் தெரிந்த மென்பொருளுக்குக் கொடுக்கும் காசு தகும். அது இல்லாதவர்கள் கிரெப்பை ஓட்டினாலும் வரிசைத் தப்பாவது தெரிந்துவிடும்.

அமெரிக்கத் தாக்கலுக்கு முன் எண்களை நீக்க:

```
sed -E 's/ ?\([0-9]+[a-z]?\)//g' claims.txt
```

வேதியியல் கிளெய்ம் என்றால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டாதீர்கள். சேர்மத்தை `formula (1)` என்று குறித்திருந்தால் அந்த (1)-ம் சேர்ந்து போய்விடும். `formula (I)` என்று ரோமன் எண்ணில் இருந்தால் பயமில்லை.