நாலு கலர் நோட்டா, பழைய வினாத்தாளா?

சங்கரன்கோவிலில் பெரியப்பா வீட்டு மச்சில் நானும் செல்வி அக்காவும் ஐந்து மாதம் குரூப் 4 தேர்வுக்குப் படித்தோம். அக்கா பெரியப்பா மகள், என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஏற்கெனவே ஒருமுறை எழுதி, கட் ஆஃபைத் தொடாமல் திரும்பியவள். நான் அப்போதுதான் பி.எஸ்சி. கணக்கு முடித்திருந்தேன். ஒரே மேஜை, ஒரே ஃபேன், பெரியம்மா கொண்டுவந்து வைக்கும் ஒரே சொம்புக் காபி. முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, நாங்கள் இரண்டு பேரும் படிப்பது ஒரே மாதிரியான படிப்பு இல்லை என்று.

அக்கா காலை நாலரைக்கு எழுந்து ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தின் முதல் வரியிலிருந்து தொடங்குவாள். சத்தம் போட்டு வாசிப்பாள். வாசித்ததை நோட்டில் எழுதுவாள்: நூலுக்கு நீலம், ஆசிரியருக்குச் சிவப்பு, ஆண்டுக்குப் பச்சை, அடைமொழிக்கு ஊதா. நோட்டைப் பார்த்தால் கோலப் புத்தகம் மாதிரி இருக்கும். அடுத்த நாள் அதையே திரும்ப வாசிப்பாள்.

நான் எட்டு மணிக்கு எழுந்து, பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து விடையை மறைத்துக்கொண்டு போட்டுப் பார்ப்பேன். தப்பானதை மட்டும் புத்தகத்தில் தேடுவேன். அக்காவுக்கு இது பிடிக்கவே இல்லை.

"ஏட்டி, படிக்காமலே பரீட்சை எழுதுதியே, இது என்ன படிப்பு?"

"நீ பரீட்சையே எழுதாம படிக்கியே அக்கா, அது என்ன படிப்பு?"

சண்டையை முடிக்க ஒரு பந்தயம் வைத்தோம். பாடம், பதினெண்கீழ்க்கணக்கு நூல்களும் ஆசிரியர்களும். பதினெட்டு ஜோடி, ஒரு மணி நேரம், அவரவர் வழியில் படிக்க வேண்டும். படித்தவுடன் பெரியம்மா நூல் பெயரை வாசிக்க, நாங்கள் ஆசிரியரை எழுத வேண்டும். ஒரு வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு முறை.

அக்கா பட்டியலை எட்டு முறை வாசித்தாள். நான் இரண்டு முறை வாசித்துவிட்டு, வலது பக்கத்தைத் துண்டால் மூடி, ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். முக்கால்வாசி தப்பு. துண்டை விலக்கிப் பார்ப்பது, மூடுவது, மறுபடி சொல்வது என்றே மிச்ச நேரம் போனது. எரிச்சலான வேலைதான், அதை மறைக்க வேண்டியதில்லை.

அன்றைக்கு அக்கா பதினாறு, நான் பன்னிரண்டு. பெரியம்மா அக்காவுக்குக் கூடுதலாக ஒரு முறுக்குக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து அக்கா ஒன்பது, நான் பதினொன்று. நான் எகிறிக் குதித்துவிடவில்லை, ஒன்றுதான் குறைந்தது. அக்காவுக்குத்தான் ஏழு காணாமல் போயிருந்தது.

பின்னால்தான் இதையே பெரிய அளவில் சோதித்திருக்கிறார்கள் என்று படித்தேன். ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு. கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் ஓர் உரைப்பத்தியைத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள் 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து 42-க்கு 56 என்று தலைகீழ். எங்கள் மச்சுக் கணக்கும் அதே வளைவுதான், பெரியம்மாவின் முறுக்கு மட்டும் அந்த ஆய்வில் இல்லை.

ஆனால் மதிப்பெண்ணைவிட, எங்கே தப்பு விழுந்தது என்பதில்தான் விஷயம் இருந்தது. அக்காவுக்கு நூல்களின் பெயர் ஒன்றுகூட மறக்கவில்லை. ‘நாலடி நான்மணி நானாற்பது’ என்று தொடங்கும் பழைய வெண்பாவை அவள் தூக்கத்தில்கூடச் சொல்வாள். சத்தம் போட்டுப் படிப்பதன் பலன் அது. செய்யுளுக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வெண்பாவில் நூல் பெயர்தான் உண்டு, ஆசிரியர் பெயர் கிடையாது. அந்த ‘நானாற்பது’க்குள் நான்கு நூல் ஒளிந்திருக்கிறது: இன்னா நாற்பது கபிலர், இனியவை நாற்பது பூதஞ்சேந்தனார், கார் நாற்பது மதுரைக் கண்ணங்கூத்தனார், களவழி நாற்பது பொய்கையார். போதாததற்குத் திணைமொழி ஐம்பதைப் பாடியவர் கண்ணன் சேந்தனார். கண்ணன், கண்ணங்கூத்தன், சேந்தன், பூதஞ்சேந்தன்! கேள்வி எடுப்பவருக்கு நான்கு விடைகளும் இங்கேயே கிடைத்துவிடும்.

நோட்டில் நீலத்துக்குப் பக்கத்தில் சிவப்பு இருக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். "நல்லாத் தெரிஞ்ச மாதிரியே இருந்துச்சுடி" என்று அக்கா நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். கண் அடையாளம் கண்டுகொள்வதை மனசு தெரியும் என்று எடுத்துக்கொள்கிறது. துண்டைப் போட்டு மூடினால் அந்த ஏமாற்று உடனே வெளியே வந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ள வேறு வழியும் இல்லை.

சரி, என் முறைதான் ஜெயித்தது என்று நினைத்திருந்தேன், வரலாறு வரும்வரை. ஒரு மாதிரித் தேர்வில் நான்கு நிகழ்வுகளைக் கால வரிசைப்படுத்தச் சொல்லிக் கேள்வி: சுயமரியாதை இயக்கம், வைக்கம் போராட்டம், முதல் வகுப்புவாரி அரசாணை, நீதிக்கட்சியின் தொடக்கம். பழைய வினாத்தாள்களில் எனக்குக் கிடைத்திருந்தவை இரண்டே ஆண்டுகள், 1916-ம் 1925-ம். நடுவில் இருக்கிற இரண்டையும் குருட்டாம்போக்கில் போட்டேன். அக்காவுக்கு ஆண்டு ஒன்றுகூடச் சட்டென்று வரவில்லை, ஆனால் வரிசை வந்துவிட்டது. "கட்சி ஆரம்பிச்சு, ஆட்சிக்கு வந்த பிறகுதானட்டி ஆணை போட முடியும்? பெரியார் வைக்கத்துக்குப் போனப்ப காங்கிரஸ்ல இருந்தாரு. அதுக்கப்புறம்தான் வெளிய வந்தாரு." ஆணை 1921, வைக்கம் 1924. பாடத்தைக் கதையாக வாசித்தவளுக்கு ஆண்டு தேவைப்படவில்லை. கூற்று–காரணம் கேள்விகளிலும் இதே கதைதான். துண்டு துண்டாகப் படித்த எனக்குக் கூற்றும் தெரியும், காரணமும் தெரியும், ஒன்று மற்றதை விளக்குகிறதா என்பதுதான் தெரியாது.

என் வழியில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. நான் விடை சரிபார்த்தது ஒரு கைடில். அதில் களவழி நாற்பதுக்குக் கண்ணங்கூத்தனார் என்று அச்சாகியிருந்தது. சோதித்துச் சோதித்துப் படித்தால் நன்றாகப் பதியும் என்கிறோமே, தப்பும் அதே அளவுக்குப் பதியும். இரண்டு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்த பிறகு அக்காதான் பிடித்தாள், சிவப்பு மையில் பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதியிருந்த பொய்கையாரைக் காட்டி. விடையைப் பாடப்புத்தகத்தோடு வைத்துப் பார்க்காமல் பழைய வினாத்தாள் போடுவது ஆபத்தான பழக்கம் என்பது என் அனுபவம்.

கணக்கில் வேறுபாடு இன்னும் வேடிக்கையானது. அக்கா ஒரே நாளில் கூட்டுவட்டிக் கணக்கு முப்பது போடுவாள், எல்லாம் சரியாக இருக்கும். மறுநாள் வேலை–நாள் கணக்கு முப்பது. நான் எல்லாவற்றையும் கலந்து பத்துதான் போடுவேன், அதில் மூன்று தப்பாகும். ஆனால் தேர்வுத்தாளில் ‘இது கூட்டுவட்டிக் கணக்கு’ என்று தலைப்புப் போட்டா கொடுக்கிறார்கள்? 8,000 ரூபாய்க்கு 5 சதவீதத்தில் இரண்டு ஆண்டுக்குக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் என்ன என்று ஒரு கேள்வி. அக்கா தனிவட்டி 800, கூட்டுவட்டி 820 என்று இரண்டையும் முழுதாகப் போட்டு 20 என்று வந்தாள். விடை சரி, இரண்டரை நிமிடம். முதல் ஆண்டு வட்டி 400; அந்த 400-க்கு இரண்டாம் ஆண்டில் விழும் 5 சதவீதம்தான் வித்தியாசம். அவளுக்கும் இது தெரியும். அந்த முப்பதில் ஒன்றாக வந்திருந்தால் பத்து நொடியில் முடித்திருப்பாள். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று தேடும் பழக்கம்தான் அவளுக்கு இல்லை.

அந்த இரண்டரை நிமிடம் சின்ன விஷயம் இல்லை. குரூப் 4-ல் 200 கேள்வி, மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட முழுதாக இல்லை. அதற்குள் ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை நிழலிடவும் வேண்டும். தெரியாத கேள்விக்கும் ஐந்தாவது வட்டம் இருக்கிறது, நாங்கள் எழுதியபோது கடைசியில் எந்த எழுத்தில் எத்தனை நிழலிட்டோம் என்று எண்ணியும் எழுத வேண்டியிருந்தது. அக்கா கடிகாரம் வைத்து எழுதிய முதல் மாதிரித் தேர்வில், தமிழ் நூறு கேள்விக்கே 95 நிமிடம் எடுத்துக்கொண்டாள். கடைசியில் கணக்கு இருபத்தைந்தில் எட்டைத்தான் தொட முடிந்தது. தேர்வுக்கு அப்போது ஆறு வாரம்தான் இருந்தது. இதை முதல் மாதத்திலேயே பார்த்திருக்க வேண்டும்.

எது மேல் என்று யாராவது கேட்டால், நான் மழுப்ப மாட்டேன். பாடப்புத்தகத்தை ஒருமுறையாவது முழுதாக வாசிக்காதவருக்கு அக்காவின் வழி. வாசித்து முடித்தவருக்கு என் வழி, அதுவும் முதல் நாளிலிருந்தே கடிகாரத்தோடு. இரண்டாம் தடவை வாசிப்பது என்பதை மட்டும் விட்டுவிடலாம். அந்த நேரத்துக்குத் துண்டு போதும்.

கடைசி ஆறு வாரம் நாங்கள் செய்தது அதுதான். அக்காவின் நோட்டில் சிவப்பெல்லாம் வலது பக்க ஓரமாக இருந்தது வசதியாகப் போயிற்று. பெரியம்மாவின் பழைய ரவிக்கைத் துணியைக் கிழித்து அதை மூடினோம். தெரியாததற்கு நோட்டிலேயே பென்சிலில் புள்ளி. புள்ளி விழுந்தது நாளைக்கு, விழாதது அடுத்த வாரம். அக்கா தமிழை 60 நிமிடத்துக்குள் கொண்டுவந்தாள். நான் பத்தாம் வகுப்பு வரலாற்றை, வேண்டா வெறுப்பாக, முதல் வரியிலிருந்து வாசித்தேன்.

தேர்வு முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அக்கா கேட்டாள், "களவழி நாற்பது வந்துச்சே, பார்த்தியா? யாரு?"

"பொய்கையார்" என்றேன்.

"நிழலடிச்சது?"

கேள்வியைப் பார்த்ததும் கை முதலில் போனது கண்ணங்கூத்தனாரிடம். வட்டம் முக்கால்வாசி கறுத்த பிறகுதான் சிவப்பு மை ஞாபகத்துக்கு வந்தது. பால் பாயிண்ட் பேனாவில் அடித்ததை அழிக்கவா முடியும்?

பஸ் வந்துவிட்டது.