சேலம் 2019, சேலம் 2021: கட்சிப் பற்றா, ஆட்சிக் கணக்கா?

2019 ஏப்ரலில் நடந்த மக்களவைத் தேர்தலில் சேலம் தொகுதியில் தி.மு.க. வென்றது. இரண்டே ஆண்டுகளில், அந்தத் தொகுதிக்குள் அடங்கும் ஓமலூர், எடப்பாடி, சேலம் மேற்கு, வடக்கு, தெற்கு, வீரபாண்டி ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஐந்தை அ.தி.மு.க. கூட்டணி கைப்பற்றியது, மாநிலத்தில் ஆட்சி தி.மு.க.வுக்கு மாறிய தேர்தல் அது. பா.ம.க.வும் பா.ஜ.க.வும் இரண்டு முறையும் அ.தி.மு.க. பக்கமே இருந்தன, முக்கியக் கட்சிகளில் தே.மு.தி.க. மட்டுமே விலகியது. ஆகவே கூட்டணிக் கணக்கால் இந்தத் திருப்பத்தை விளக்க முடியாது. வாக்காளர் ஏன் இப்படி வாக்களிக்கிறார் என்பதற்கு அரசியல் அறிவியல் தரும் இரண்டு பெரிய விளக்கங்களை உரசிப் பார்க்க இதைவிட நல்ல கல் எங்கள் மாவட்டத்தில் இல்லை.

முதல் விளக்கம் கட்சிப் பற்று. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1960இல் முன்வைத்த கருத்துப்படி, கட்சி என்பது வாக்காளர் தேர்தலுக்குத் தேர்தல் எடைபோட்டுத் தேர்ந்தெடுக்கும் பொருளன்று. குடும்பத்திலிருந்து வந்து, மதத்தைப் போல மனத்தில் நிலைத்துவிடும் சொந்தம். "எம்.ஜி.ஆர். காலத்திலிருந்தே எங்கள் வீடு இரட்டை இலை" என்று சொல்லும் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு கட்சி படுதோல்வி அடையும்போதும் அதன் வாக்கு குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே இறங்காமல் நிற்பது ஏன் என்பதை இது நன்றாகச் சொல்கிறது. ஆனால் மெல்ல மாறும் ஒன்றைக் கொண்டு விரைவாக நிகழ்ந்த மாற்றத்தை விளக்க முடியாது. இரண்டு ஆண்டுகளில் சேலத்துக் குடும்பங்களின் பரம்பரை மாறிவிடவில்லை.

இரண்டாவது விளக்கம், கடந்த ஆட்சியின் செயலைப் பார்த்து அளிக்கும் தீர்ப்பு. 1966இல் அமெரிக்க அரசியல் அறிவியலாளர் வி. ஓ. கீ வலியுறுத்திய இந்தக் கருத்தை 1981இல் மோரிஸ் ஃபியோரினா விரிவாக்கினார். கட்சிப் பற்றே கூட, பல ஆட்சிகளைப் பற்றிய அனுபவங்கள் வரவும் செலவுமாக ஏறி இறங்கும் கணக்கின் நிலுவைதான் என்பது அவர் வாதம். சேலத்துக்கு இது பொருந்துகிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: யாருடைய ஆட்சியை வாக்காளர் தீர்ப்புக்கு எடுத்தார் என்று முதலில் சொல்லியாக வேண்டும். 2019இல் தராசில் இருந்தது மத்திய ஆட்சி. 2021இல் இருந்தது, சொந்த மாவட்டத்துக்காரர் முதலமைச்சராக இருந்த மாநில ஆட்சி. சேலம் நகர மேம்பாலம் போன்ற பணிகள் இரண்டாவது கணக்கில்தான் வரவு வைக்கப்பட்டன.

இங்கே நிற்காமல் ஒரு சிக்கலையும் பார்க்க வேண்டும். "ஆட்சி நன்றாக இருந்தது" என்று சொல்பவர், ஆட்சியைப் பார்த்துக் கட்சியை விரும்பினாரா, கட்சியை விரும்பியதால் ஆட்சியைப் பாராட்டினாரா? ரேகன் ஆட்சிக் காலத்தில் அமெரிக்கப் பணவீக்கம் வெகுவாகக் குறைந்திருந்தும், 1988இல் கேட்டபோது தீவிர ஜனநாயகக் கட்சியினரில் பாதிக்கு மேற்பட்டோர் அது மோசமாகிவிட்டதாகவே சொன்னதை அரசியல் அறிவியலாளர் லேரி பார்ட்டல்ஸ் சுட்டிக்காட்டினார். ஆகவே கருத்துக்கணிப்பில் ஆட்சி மீதான திருப்தியும் வாக்கும் ஒத்துப்போவதை மட்டும் வைத்து இரண்டாவது விளக்கம் வென்றதாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை.

கட்சிப் பற்று வண்ணம் பூச முடியாத ஓர் அடி வேண்டும். சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை அப்படிப்பட்டது. அளவுக்கல் விழுந்த நிலத்தின் உரிமையாளர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இழப்பு ஒன்றே. அந்த நிலங்களைக் கையகப்படுத்தும் அறிவிப்புகளை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8 அன்று ரத்து செய்தது. வாக்குப்பதிவு 18 அன்று நடந்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டத்துக்கு மீண்டும் வழிவிட்டது. அந்தப் பாதையில் உள்ள கிராமங்களையும், அளவுக்கல் விழாத பக்கத்துக் கிராமங்களையும், தேர்தல் முடிவுத் தாளான படிவம் 20இன் வாக்குச்சாவடி வாரியான எண்களில் ஒப்பிடலாம். 2016இலிருந்து இரு வகைக் கிராமங்களும் ஒரே அளவில் ஏறி இறங்கினால் கட்சிப் பற்று வலுப்பெறும். பாதைக் கிராமங்கள் மட்டும் அ.தி.மு.க. கூட்டணியிடமிருந்து கூடுதலாக விலகியிருந்தால் ஆட்சிக் கணக்கு வலுப்பெறும். 2019இல் விலகி 2021இல் திரும்பியிருந்தால், அடி நினைவில் நின்ற காலம் குறுகியது என்று பொருள்.

இதைச் செய்பவர் தடுமாறும் இடமும் ஒன்று உண்டு. கோவிட் காரணமாக 2021இல் துணை வாக்குச்சாவடிகள் சேர்க்கப்பட்டதால், சாவடி எண்ணை வைத்து நேராகப் பொருத்தினால் வேறு வேறு தெருக்களை ஒப்பிட்டுவிடுவோம். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, பிரிந்த சாவடிகளைக் கிராம வாரியாகக் கூட்டிய பிறகே ஒப்பீட்டைத் தொடங்க வேண்டும்.