விலை தப்பு என்று ஆர்டரை ரத்து செய்யச் சொல்கிறார்களா? கேன்சல் பட்டனை நீங்கள் தொடாதீர்கள்

ஆர்டர் உறுதியாகிவிட்டது, பணமும் வங்கிக் கணக்கிலிருந்து போய்விட்டது. மறுநாள் காலை விற்பவரிடமிருந்து போன் வருகிறது: "சார், அந்த ஃபிரிட்ஜ் விலை சிஸ்டத்துல தப்பா ஏறிடுச்சு. நீங்களே ஆப்ல கேன்சல் குடுத்துடுங்க, பணம் உடனே வந்துடும். நாங்க பண்ணினா லேட்டாகும்." பேச்சில் மரியாதை குறையாது. பணம் சீக்கிரம் வந்தால் போதும் என்று பலர் அப்படியே செய்துவிடுகிறார்கள். அந்த ஒரு அழுத்தலோடு அவர்கள் பக்கத்து நியாயம் அனேகமாக முடிந்துவிடுகிறது.

ஏனென்றால், பதிவேட்டில் அதற்குப் பிறகு இருப்பது "வாடிக்கையாளர் ரத்து செய்தார்" என்ற ஒற்றை வரி. ஒப்பந்தத்தை முறித்தது விற்பவர் என்று எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்? விற்பவருக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. விற்பவர்களே எத்தனை ஆர்டர்களை ரத்து செய்கிறார்கள் என்பதைத் தளங்கள் கணக்கு வைக்கின்றன. அது கூடினால் அவர்களுடைய கணக்குக்கே ஆபத்து. அந்தச் சுமையை உங்கள் கையால் இறக்கிவைக்கத்தான் அந்த போன்.

போனில் வாதாட வேண்டாம். தளத்தின் செய்திப் பெட்டியிலோ மின்னஞ்சலிலோ இப்படி எழுதுங்கள்: "ஆர்டரை நான் ரத்து செய்யவில்லை. உறுதி செய்த விலைக்குப் பொருளை அனுப்பவும். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தரவும்." அதன் பிறகும் அவர்களே ரத்து செய்தால் செய்யட்டும். நிலை "வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டதால் ரத்து" என்றோ "டெலிவரியை வாங்க மறுத்தார்" என்றோ மாறினால், அன்றே மறுத்து எழுதுங்கள். அழைத்தவர் ஓடிபி கேட்டாலோ, பணம் திரும்ப வர ஒரு லிங்க்கைத் திறக்கச் சொன்னாலோ, அவர் விற்பவரே அல்ல. நீங்கள் கட்டிய பணம் போன வழியிலேயே திரும்ப வேண்டும், அதற்கு ஓடிபி தேவையில்லை.

இனி கேள்வி: இதில் உங்களுக்கு உரிமை இருக்கிறதா? விலையைப் பொறுத்தது.

தளங்களின் நிபந்தனைகளில், ஆர்டர் உறுதி மின்னஞ்சல் வெறும் ரசீது என்றும் பொருளை அனுப்பும்போதுதான் ஒப்பந்தம் உண்டாகிறது என்றும் பெரும்பாலும் எழுதியிருக்கும். விற்பவர் முதலில் காட்டுவது அதைத்தான். அதனால் "அனுப்பப்பட்டது" என்ற நிலை வந்த பிறகோ, வரி இன்வாய்ஸ் போட்ட பிறகோ ரத்து செய்திருந்தால் உங்கள் பக்கம் நல்ல வலு. இன்வாய்ஸ் தெரிந்தவுடன் தரவிறக்கி வையுங்கள். ரத்துக்குப் பிறகு அது காணாமல் போகலாம். பொருள் பக்கத்தின் படத்தையும் விற்பவர் பெயரும் விலையும் தெரியும்படி எடுங்கள். சில மணி நேரத்தில் அந்தப் பக்கம் மாறிவிடும்.

அடுத்து அவர் சொல்லும் "தவறு". இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 22-ஆம் பிரிவு, ஒரு தரப்பு மட்டும் விவரத்தில் தவறியது என்பதற்காக ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்கிறது. படித்ததும் வெற்றி நமக்கே என்று தோன்றும். ஆனால் அடுத்தவரின் தவறு என்று தெரிந்தே அள்ளிக்கொண்டவரை நீதிமன்றம் அதே கண்ணோடு பார்ப்பதில்லை. 2003-இல் சிங்கப்பூரில் 3,854 டாலர் லேசர் பிரிண்டர் ஒன்று 66 டாலர் என்று தளத்தில் ஏறிவிட்டது. நள்ளிரவில் ஆறு பேர் சேர்ந்து 1,606 பிரிண்டர்களை ஆர்டர் செய்தார்கள். தானாகப் போன உறுதி மின்னஞ்சலும் அவர்களிடம் இருந்தது. விற்பவர் கொடுக்க மறுத்ததால் அவர்கள் போட்ட வழக்கு மேல்முறையீடு வரை போய் 2005-இல் தோற்றது. விலை தவறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததை அவர்களுக்குள் அனுப்பிக்கொண்ட செய்திகளே காட்டின. அந்தத் தீர்ப்பு இந்திய நுகர்வோர் ஆணையங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் அந்த வாதம் இங்கும் வரும்.

நம் நாட்டில் எதிர்த்திசையில் ஒன்று நடந்தது. 2014-இல் ஒடிசாவைச் சேர்ந்த சட்ட மாணவர் ஒருவர், 23,499 ரூபாய் மடிக்கணினி 190 ரூபாய்க்குச் சலுகையில் இருப்பதைப் பார்த்து ஒன்றே ஒன்று ஆர்டர் செய்தார். உறுதி வந்தது, பிறகு ரத்து. 2021-இல் மாநில நுகர்வோர் ஆணையம் அவருக்கு 40,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கச் சொன்னது. இதை வைத்து எந்த விலைக்கும் இப்படித்தான் தீர்ப்பு வரும் என்று நம்பிவிடாதீர்கள். சலுகையாகக் காட்டியதும், அவர் தன் படிப்புக்காக ஒன்று மட்டும் வாங்கியதும் அவர் பக்கம் நின்றன. அதற்கே ஆறு ஆண்டுக்கு மேல் ஆனது.

ஆகவே அந்த ஃபிரிட்ஜையே எடுத்துக்கொள்வோம். வெளியே 25,990 ரூபாய். தளத்தில் 2,599 என்று இருந்திருந்தால் ஒரு இலக்கம் விட்டுப்போனது யாருக்கும் தெரியும். கட்டிய பணம் முழுதாக வந்தால் அதோடு விட்டுவிடலாம். ஆனால் தீபாவளி விற்பனையில் 18,490 என்று இருந்தால்? அந்த நாளில் அது நம்பக்கூடிய விலை. அதை நம்பி வாங்கியவர் வேறு கடையில் அதே மாடலை 25,990-க்கு வாங்க நேர்ந்தால், வித்தியாசமான 7,500 ரூபாய்தான் அவருடைய இழப்பு. ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவின்படி கேட்க வேண்டியது இதைத்தான். இரண்டாவது கடையின் பில்தான் இங்கே ஆதாரம், அதே மாடல் எண்ணாக இருப்பது அவசியம். இஎம்ஐ செயல்முறைக் கட்டணம் போயிருந்தால் அதையும் சேருங்கள். மன உளைச்சலுக்கு லட்சக்கணக்கில் எழுதினால் கோரிக்கையின் நம்பகம் குறையுமே தவிர கூடாது.

ரத்து செய்த கையோடு அதே விற்பவர் அதே மாடலைக் கூடுதல் விலைக்குப் பட்டியலிட்டாலோ, "அது இல்லை, இதை எடுத்துக்கோங்க" என்று விலை கூடிய வேறொன்றைக் காட்டினாலோ கதையே வேறு. இணையதளங்களின் ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிராக 2023-இல் வந்த வழிகாட்டுதல்களில் தூண்டில் போட்டு மாற்றிக் கொடுப்பதும் இருக்கிறது. அந்தப் புதிய பட்டியலின் படம் உங்கள் கோப்பில் இருக்கட்டும்.

புகாரை முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதைச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதே கடிதத்தில் விற்பவரின் முழு முகவரியையும் கேளுங்கள். எழுதிக் கேட்டால் தளம் தந்தாக வேண்டும், வழக்கு போட அது தேவைப்படும். தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் விற்பவர், தளம் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்து மனு போடுங்கள். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கடையில் விற்பதற்காகப் பத்து இருபது என்று ஆர்டர் போட்டவர் மட்டும் இங்கே வர முடியாது. சட்டத்தின் கணக்கில் அவர் நுகர்வோர் இல்லை.

நடுவில் 500 ரூபாய் கூப்பன் ஒன்று வரும். அதை ஏற்கும் பட்டனுக்கு மேலே, புகார் முழுத் திருப்தியோடு முடிந்தது என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், 7,500 ரூபாய்க் கோரிக்கையை அந்தக் கூப்பனுக்கு விற்கிறீர்கள்.